பேசியது ஒன்று, பத்திரத்தில் ஏறியது வேறு

சாலையோரத்து நிலத்துக்குப் பேசி, அதற்கான விலையைக் கொடுத்து, அதில் வேலியும் போட்டுப் பதினொரு வருடம் ஆண்டாயிற்று. அதற்குப் பிறகு, "உங்கள் பத்திரம் பின்னால் இருக்கும் நிலத்தைத்தான் சொல்கிறது" என்று வங்கியின் வக்கீல் எழுதிக் கொடுத்தால் ஒருவர் என்ன செய்வார்? விற்றவரைத் தேடிப் போவார். விற்றவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளிடம் போவார். பிள்ளைகள் கையை விரித்துவிட்டால்?

அப்போது போவதற்கு நீதிமன்றம் இருக்கிறது. எழுதிய ஒப்பந்தம் இரண்டு தரப்பும் உண்மையில் ஒப்புக்கொண்டதைத் தவறாகப் பதிவு செய்திருந்தால், அந்த எழுத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் உரிமையை 1963-ஆம் வருடத்துக் குறித்தவகை நிவாரணச் சட்டம் தருகிறது. வக்கீல்கள் இதை ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் என்பார்கள். அதன் 26-ஆவது பிரிவுதான் இதற்கானது. நிலம் வாங்கும் குடும்பங்களில் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துத் தபசிலை ஊன்றிப் படிப்பவர்கள் குறைவு. பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. ஆனால் பிழை தெரியவந்த பிறகும் பலர், "பதிவான பத்திரத்தை இனி யார் மாற்ற முடியும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அல்லது தவறான வழக்கைப் போட்டு வருடங்களை இழக்கிறார்கள். அதனால் இந்த ஒரு பிரிவு எப்படி வேலை செய்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஆட்களும் எண்களும் கற்பனை. சிக்கல் நீதிமன்றங்கள் அடிக்கடி பார்க்கும் வகையைச் சேர்ந்தது.

ஒரு கிராமத்தில் ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு உட்பிரிவு நிலங்கள். 148/2ஏ தார்ச்சாலையை ஒட்டியது. 148/2பி அதற்குத் தெற்கே, பின்பக்கம். இரண்டும் அறுபது அறுபது சென்ட். 2011-இல் பக்கத்து ஊர்ப் பெண்மணி ஒருவர், பின்னாளில் பிள்ளைகளுக்குக் கடை கட்டலாம் என்று சாலையோரத்து 2ஏ-வைப் பேசி முடிக்கிறார். முன்பணம் கொடுத்துக் கிரய உடன்படிக்கை எழுதுகிறார்கள். அதில் 148/2ஏ என்றும், வடக்கே தார்ச்சாலை என்றும் சரியாகவே இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மீதிப் பணம் கைமாறி, கிரயப் பத்திரம் பதிவாகிறது.

அந்தப் பத்திரத்தைத் தயார் செய்த எழுத்தர், விற்றவர் கொடுத்த மூலப்பத்திர நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தபசிலைத் தட்டச்சு செய்தார். மூலப்பத்திரத்தில் இரண்டு நிலமும் இரண்டு அயிட்டங்களாக இருந்தன. எழுத்தர் கண் இரண்டாவது அயிட்டத்தில் விழுந்தது. சர்வே எண் 148/2பி என்று ஏறியது. நான்கெல்லையும் அதற்கு உரியதே ஏறியது: வடக்கே 148/2ஏ நிலம். பரப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வாசித்துக் காட்டியபோது யாருக்கும் உறுத்தவில்லை. விற்றவர் கையெழுத்துப் போட்டார், சாட்சிகள் போட்டார்கள். அன்று மாலையே விற்றவர் சாலையோரத்து நிலத்தின் நான்கு மூலையையும் காட்டி ஒப்படைத்தார். அந்தப் பெண்மணி வேலி போட்டார், ஆழ்துளைக் கிணறு போட்டார், மின் இணைப்பு வாங்கினார். பட்டா மாற்றத்துக்கு மட்டும் போகவில்லை. நம் ஊர்களில் இது நடப்பதுதான்.

விற்றவர் 2016-இல் இறந்தார். 2022-இல் கடை கட்டக் கடன் கேட்டபோது வங்கி வக்கீலின் கருத்துரை வந்தது. பெண்மணி விற்றவரின் மகன்களிடம் போனார். அதற்குள் சாலை அகலமாகி, முன்பக்க நிலத்தின் விலை எங்கேயோ போயிருந்தது. மூத்தவர் சொன்னார்: "அக்கா, அப்பா என்ன பேசினார்னு எங்களுக்குத் தெரியாது. பத்திரத்துல என்ன இருக்கோ அதை எடுத்துக்குங்க."

கோர்ட்டுக்குப் போகும் முன்

விற்றவர் உயிரோடு இருந்து, அவருக்கு மனமும் இருந்திருந்தால் இது ஒருநாள் வேலை. இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிந்தால் போதும். முதல் பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் சொல்லி, தபசிலில் இன்னது தவறு, இன்னதுதான் சரி என்று எழுதுவார்கள். விற்றவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மகன்களோடு மகள்களும், மனைவி இருந்தால் அவரும் சேர வேண்டும். வாங்கியவர் தானாகவே ஒரு திருத்தல் பத்திரம் எழுதிக்கொள்வதால் எதுவும் மாறாது. எழுதிக் கொடுத்த தரப்பின் சம்மதம் இல்லாமல் அந்தத் தரப்பின் பத்திரத்தைத் திருத்துவதாக ஆகிவிடும்.

அந்தச் சம்மதம் கிடைக்காதபோதுதான் பிரிவு 26 தேவைப்படுகிறது. அது சொல்வது இதுதான்: மோசடியாலோ, இரண்டு தரப்புக்கும் பொதுவான தவறாலோ, எழுத்திலிருக்கும் ஒப்பந்தமோ மற்ற ஆவணமோ அவர்களுடைய உண்மையான எண்ணத்தைச் சொல்லவில்லை என்றால், எந்தத் தரப்பும் அதைத் திருத்தக் கோரி வழக்குப் போடலாம். தரப்பினரின் வாரிசும், அவர் உரிமையைப் பெற்றவரும் போடலாம். அந்த ஆவணத்தின் கீழ் உள்ள உரிமை பற்றி வேறொரு வழக்கு நடந்தால், அதிலேயே வாதியும் இதைக் கேட்கலாம், பிரதிவாதியும் கேட்கலாம். கம்பெனிகளின் சங்க விதிகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

நம் உதாரணத்தில் இரண்டாவது வகை, அதாவது இரு தரப்புக்கும் பொதுவான தவறு. விற்றவரும் 2ஏ-வை விற்பதாகவே நினைத்தார், வாங்கியவரும் அதை வாங்குவதாகவே நினைத்தார், தாள் மட்டும் 2பி என்றது. இந்த மூன்றையும் ஒருசேரக் காட்ட வேண்டும். தவறு ஒருவருடையது மட்டும் என்றால் பிரிவு 26 உதவாது. விற்றவர் மனதில் உண்மையிலேயே பின்பக்க நிலம்தான் இருந்தது, வாங்கியவர்தான் முன்பக்கம் என்று எண்ணிக்கொண்டார் என்று வெளிப்பட்டால், அங்கே திருத்துவதற்கு ஒரு பொது எண்ணமே இல்லை. அது வேறு வழக்கு, அதற்கு வேறு நிவாரணம். 2013-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு குடும்பச் சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது: இந்தப் பிரிவின் எல்லை குறுகியது. மோசடியோ இருதரப்புத் தவறோ நடந்தது என்று வாதத்தில் எழுதி, அதை நிரூபித்தும் காட்டினால்தான் இது பொருந்தும்.

ஒரு தரப்புத் தவறும் மோசடியாக மாறும் இடம் உண்டு. இங்கிலாந்தில் 1961-இல் தீர்ப்பான ஒரு கட்டுமான வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. பதினெட்டு மாதத்தில் பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக ஒப்பந்தக்காரர் விலை கொடுத்திருந்தார். மாவட்டக் கவுன்சில் தன் பக்கத்தில் அதை முப்பது மாதம் என்று மாற்றி ஒப்பந்தத்தைத் தயாரித்தது. ஒப்பந்தக்காரர் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் இன்னும் பதினெட்டு மாதம் என்றுதான் நினைக்கிறார் என்பது கவுன்சில் அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நீதிமன்றம் ஒப்பந்தத்தைப் பதினெட்டு மாதம் என்று திருத்தியது. மற்றவர் ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்து வாங்குபவருக்கு அந்தத் தாளின் பாதுகாப்பு கிடைக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் நியாயம். அது நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

திருத்தம் தாளுக்குத்தான், பேச்சுக்கு அல்ல

இந்த வகை வழக்கைப் பற்றி ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். நீதிமன்றம் உங்களுக்காக ஒப்பந்தத்தை மாற்றி எழுதாது. நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு ஏற்றபடி தாளை மாற்றி எழுதும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் புரியாமல் போடப்படும் வழக்குகள் தோற்றுப்போகின்றன.

இதற்குச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் வழக்கு ஒன்று இருக்கிறது. எகிப்திலிருந்து லண்டன் வியாபாரிகளுக்கு ஓர் ஆர்டர் வந்தது. மொராக்கோ ஹார்ஸ்பீன்ஸ் வேண்டும், இங்கே அதை ஃபெவரோல் என்போம் என்று அதில் இருந்தது. லண்டன்காரர்களுக்கு ஃபெவரோல் என்றால் என்னவென்று தெரியாது. சரக்கு தரக்கூடியவர்களைக் கேட்டார்கள். "அது வேறொன்றும் இல்லை, ஹார்ஸ்பீன்ஸ்தான்" என்று பதில் வந்தது. அதை நம்பி, ஹார்ஸ்பீன்ஸ் இத்தனை டன் என்று வாயாலும் பேசினார்கள், எழுத்திலும் போட்டுக்கொண்டார்கள். சரக்கு எகிப்து போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஹார்ஸ்பீன்ஸில் பல வகை உண்டு. ஃபெவரோல் அதில் ஒரு வகை. வந்திருந்தது ஃபேவ் என்ற வேறொரு வகை. எகிப்துக்காரர்கள் நஷ்டஈடு கேட்டார்கள். லண்டன் வியாபாரிகள் தங்களுக்குச் சரக்கு தந்தவர்கள் மேல் வழக்குப் போட்டு, ஒப்பந்தத்தில் ஹார்ஸ்பீன்ஸ் என்று இருப்பதை ஃபெவரோல் என்று திருத்தச் சொன்னார்கள். இரு தரப்பும் தவறாகத்தானே நினைத்தோம் என்பது அவர்கள் வாதம்.

1953-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டென்னிங் உள்ளிட்டோர் மறுத்துவிட்டார்கள். இரு தரப்பும் தவறாக நினைத்தது உண்மை. ஆனால் அவர்கள் ஹார்ஸ்பீன்ஸ் என்று பேசினார்கள், தாளிலும் ஹார்ஸ்பீன்ஸ் என்றே இருக்கிறது. தாளில் பிழையே இல்லை. பிழை அவர்கள் செய்த பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பிழைக்குத் திருத்தம் மருந்து அல்ல என்றார்கள்.

நம் உதாரணத்துப் பெண்மணியின் நிலை இதற்கு நேர் எதிர். அவர்கள் பேசியது 2ஏ, தாளில் ஏறியது 2பி. பேச்சில் குழப்பமே இல்லை. அதனால்தான் அவருக்கு வழி இருக்கிறது. அதே பெண்மணி, "முன்பக்க நிலத்தில் கடை கட்ட அனுமதி கிடைக்கும் என்று இருவரும் நினைத்தோம், கிடைக்கவில்லை, அதனால் விலையைக் குறைத்துப் பத்திரத்தைத் திருத்துங்கள்" என்று கேட்டிருந்தால் பிரிவு 26-இன் கீழ் எதுவும் கிடைத்திருக்காது.

எதைக் காட்டி நிரூபிப்பது

பதிவான பத்திரம் இருக்கும்போது அதற்கு மாறான வாய்ப்பேச்சை நீதிமன்றம் கேட்குமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். பொதுவிதி அதைக் கேட்கக் கூடாது என்பதுதான். எழுத்தில் ஏறிய நிபந்தனைகளை வாய்மொழிச் சாட்சியத்தால் மாற்ற முடியாது என்று 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 95-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளேயே முதல் விதிவிலக்காக, மோசடியையும் தவறையும் காட்டும் உண்மைகளை நிரூபிக்கலாம் என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து தவறுதலாக நுழைந்துவிட்டது என்று சொல்பவர், அந்தத் தவறை நிரூபிக்கலாம் என்று சட்டமே உதாரணமும் கொடுத்திருக்கிறது.

கேட்கும், ஆனால் எளிதில் நம்பாது. நன்கு யோசித்துப் பதிவு செய்த ஆவணம் என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் எண்ணமாக இருக்கும். அதை அசைக்கக்கூடிய சான்று வேண்டும். இதில் எனக்குத் தெரிந்தவரை மிக வலுவானது, பத்திரத்துக்கு முன்னால் எழுதிய காகிதம்தான். நம் உதாரணத்தில் அது கிரய உடன்படிக்கை. விற்றவர் கையெழுத்தோடு 148/2ஏ என்று அதில் இருக்கிறது. அதற்கும் பத்திரத்துக்கும் நடுவே நிலத்தை மாற்றிப் பேசினார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. இந்தக் காகிதத்தைப் பத்திரம் கைக்கு வந்ததும் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. "அதான் பத்திரம் ஆயிடுச்சே" என்பார்கள். பத்திரத்தில் பிழை இருக்கும் நாளில் அந்த ஒரு தாள்தான் கைகொடுக்கும்.

அடுத்தது, பத்திரத்துக்குப் பின்னால் இருவரும் நடந்துகொண்ட விதம். விற்றவர் தானே முன்பக்க நிலத்தை அளந்து காட்டினார். 2016 வரை அந்த வேலியைப் பார்த்துக்கொண்டே பின்பக்க நிலத்தில் தானே பயிர் செய்தார். ஆழ்துளைக் கிணற்றுக்கான மின் இணைப்பு அட்டை பெண்மணி பெயரில், சாலையோரத்து இடத்துக்கு இருக்கிறது. பின்பக்க நிலத்தை விற்றிருந்தால் விற்றவர் ஏன் அதில் ஐந்து வருடம் உழுதார் என்ற கேள்விக்கு மகன்கள் பதில் சொல்லியாக வேண்டும். இப்படி எதிர்த்தரப்பே விளக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் உண்மைதான் வழக்கை நகர்த்தும்.

விலையும் பேசும். அதே மாதத்தில் அதே ஊரில் சாலையோரத்து நிலம் என்ன விலைக்குப் போனது, உள்பக்க நிலம் என்ன விலைக்குப் போனது என்பதற்குப் பதிவான மற்றப் பத்திரங்கள் இருக்கும். பத்திரத்தில் காட்டிய தொகை உண்மையானதாக இருந்தால் அது எந்த நிலத்தின் விலை என்பது தெரிந்துவிடும். முத்திரைத்தாள் கட்டணத்தைக் குறைக்கத் தொகையைக் குறைத்துக் காட்டியிருந்தால், தனக்குச் சாதகமான இந்தச் சான்றைத் தானே கெடுத்துக்கொண்டவர் ஆகிறார்.

பிழை எப்படி நுழைந்தது என்பதையும் காட்ட முடிந்தால் நல்லது. மூலப்பத்திரத்தின் இரண்டாவது அயிட்டமும் கிரயப் பத்திரத்தின் தபசிலும் ஒரு சொல் மாறாமல் ஒன்றாக இருப்பதை நீதிபதியின் முன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டலாம். எழுத்தர் உயிரோடு இருந்தால் அவரைச் சாட்சியாகக் கூப்பிடலாம். பத்திரத்தின் சாட்சிகளையும் கூப்பிடலாம். நிலத்தில் இன்று என்ன இருக்கிறது என்பதற்கு, நீதிமன்றம் ஒரு வக்கீல் ஆணையரை நியமித்து, சர்வேயரோடு போய் நில அளவைப் படத்தை வைத்து அளந்து அறிக்கை தரச் சொல்லும். வேலியும் கிணறும் 2ஏ-வுக்குள் இருக்கின்றன என்று அந்த அறிக்கை சொன்னால் பாதி வேலை முடிந்தது. மகன்கள் நேரில் கண்டு எதுவும் சொல்ல முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும். "அப்பா என்ன பேசினார்னு எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொன்னது குறுக்கு விசாரணையில் அவர்களுக்கே எதிராகத் திரும்பும்.

கேட்க வேண்டியதைக் கேட்பது

வழக்குரையில் வெறுமனே "பத்திரத்தில் பிழை இருக்கிறது, எனக்கு நீதி வேண்டும்" என்று எழுதினால் போதாது. எந்தப் பத்திரம், எந்தப் பக்கம், எந்தச் சொற்களை நீக்க வேண்டும், அங்கே எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று துல்லியமாகக் கேட்க வேண்டும். நம் உதாரணத்தில் 148/2பி என்பதை நீக்கி 148/2ஏ என்று சேர்க்க வேண்டும், நான்கெல்லையையும் மாற்ற வேண்டும். எண்ணை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு எல்லைகளை மறந்துவிட்டால், திருத்திய பிறகும் பத்திரம் தனக்குத்தானே முரண்பட்டு நிற்கும்.

குறிப்பாகக் கேட்காத திருத்தத்தை நீதிமன்றம் தராது என்று பிரிவு 26-இன் கடைசி உட்பிரிவே சொல்கிறது. ஆனால் கேட்க மறந்தவருக்கு, வழக்கின் எந்தக் கட்டத்திலும் வழக்குரையைத் திருத்திக்கொள்ள இடம் தர வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. இதன் பலம் 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிந்தது. ராஜஸ்தானில் ஒருவர் விவசாய நிலம் வாங்க உடன்படிக்கை போட்டிருந்தார். விற்பவர் பத்திரம் எழுதித் தர மறுத்ததால், எழுதித் தரச் சொல்லி வழக்குப் போட்டார். உடன்படிக்கையில் நிலம் இருக்கும் சக்கின் பெயர் 3 எஸ்.எல்.எம். என்பதற்குப் பதிலாக 3 எஸ்.எஸ்.எம். என்று விழுந்திருந்தது. நடுவில் ஓர் எழுத்து மட்டும் வேறு. உடன்படிக்கையையும் வழக்குரையையும் திருத்த அனுமதி கேட்டார். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் மறுபடி அனுமதித்தது. இதற்காகத் தனியாக ஒரு வழக்குப் போடத் தேவையில்லை, நடந்துகொண்டிருக்கும் வழக்கிலேயே கேட்கலாம், காலவரம்பு பற்றிய எதிர்ப்பு மட்டும் அதைத் தடுக்கப் போதாது என்றது. முதலில் உடன்படிக்கையைத் திருத்தி, பிறகு அதே வழக்கில் அதை நிறைவேற்றித் தரச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது.

காலவரம்பு என்றதும் கவனம் வேண்டும். இப்படித் திருத்தம் கேட்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம். தவறின் காரணமாக நிவாரணம் கேட்கும்போது, தவறைக் கண்டுபிடித்த நாளிலிருந்தோ, நியாயமான கவனம் இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் அது ஓடத் தொடங்கும். நம் உதாரணத்தில் சண்டை இந்த இரண்டாவது பாதியில்தான் நடக்கும். "2011-இலேயே பத்திரம் உங்கள் கையில் இருக்கிறது, படித்திருக்கலாமே" என்று மகன்களின் வக்கீல் கேட்பார். விற்றவரே பிழையை அறியாமல் இருந்தார், பதினொரு வருடம் யாரும் என் அனுபவத்தைத் தடுக்கவில்லை, எண்ணைச் சந்தேகப்பட எனக்குக் காரணமே இல்லை என்று இவர் பதில் சொல்வார். வங்கி வக்கீலின் கருத்துரையில் இருக்கும் தேதி அப்போது பெரிய சான்றாகும். ஆனால் 2014-இல் பட்டா மாற்றக் கேட்டபோது கிராம நிர்வாக அலுவலர் இந்தப் பிழையைச் சுட்டிக் காட்டியிருந்து, அதற்கு ஒரு காகிதமும் இருந்தால், 2022-இல்தான் தெரியும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். பிழை தெரிந்த பிறகு "பேசிப் பார்ப்போம்" என்று தள்ளிப் போடும் ஒவ்வொரு வருடமும் அந்த மூன்றில் கழியும். பிழை தெரிந்தவர் முதலில் தேதியைக் குறித்துக்கொண்டு வக்கீலைப் பார்க்க வேண்டும், பேச்சுவார்த்தையை அதற்குப் பிறகு நடத்தலாம்.

மூன்றாவது ஆள் வந்துவிட்டால்

பிரிவு 26-இல் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது. நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து உரிமை பெற்ற மூன்றாம் நபருக்குப் பாதகம் இல்லாமல்தான் திருத்தம் செய்ய முடியும் என்கிறது சட்டம். மகன்கள் இதற்குள் 2ஏ-வை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டால்?

அவர் வாங்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். வில்லங்கம் சர்வே எண்ணை வைத்துத்தான் தேடப்படுகிறது. பெண்மணியின் பத்திரம் 148/2பி என்ற எண்ணில் ஏறியிருக்கிறது. 148/2ஏ என்று தேடினால் அது வராது. அந்தச் சான்று சுத்தமாக இருக்கும், பட்டாவும் பழைய பெயரிலேயே இருக்கும். காகிதத்தை மட்டும் பார்த்தால் வாங்குபவர் நல்லெண்ணத்தோடு வாங்கியவராகவே தெரிவார்.

இங்கே பெண்மணியைக் காப்பாற்றுவது அவர் போட்ட வேலி. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில், ஒரு சொத்தை வாங்குபவர் அதில் உண்மையாக அனுபவத்தில் இருப்பவரின் உரிமையை அறிந்தவராகவே கருதப்படுவார் என்று இருக்கிறது. வேலியையும் கிணற்றையும் பார்த்தும், இது யாருடையது என்று கேட்காமல் வாங்கியவர், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. நிலம் வெறும் தரிசாகக் கிடந்திருந்தால் கதை வேறு. அப்போது திருத்தம் கிடைக்காமல் போகும் ஆபத்து நிஜமானது. அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்குத் தாக்கலோடு, விற்பனைக்குத் தடை கேட்டு இடைக்கால மனுவையும் சேர்த்துப் போடுவார்கள்.

எல்லாப் பிழைக்கும் இந்த வழக்கு தேவையா என்றால், இல்லை. பீகாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன பழைய வழக்கு ஒன்றில், ஏல விற்பனைச் சான்றில் மனை எண் 1060 என்பதற்குப் பதில் 160 என்று விழுந்திருந்தது. ஆனால் எல்லைகளும் மற்ற விவரங்களும் சரியாக இருந்தன. எந்த நிலம் என்பதில் சந்தேகமே இல்லாதபோது எண் மட்டும் பிசகியது வெறும் விவரணைப் பிழை, அதனால் உரிமை போகாது என்றது நீதிமன்றம். எல்லைகள் சரியாக இருந்து எண் மட்டும் தவறியிருந்தால் வக்கீல் முதலில் இந்த வழியைப் பார்ப்பார். நம் உதாரணத்தில் எழுத்தர் எல்லைகளையும் சேர்த்தே மாற்றிவிட்டதால் பத்திரம் உள்ளுக்குள் முரணே இல்லாமல் வேறொரு நிலத்தைச் சொல்கிறது. வியாக்கியானம் செய்து காப்பாற்ற அதில் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் திருத்தம் கேட்டே ஆக வேண்டும்.

வழக்கு ஜெயித்தால், பத்திரத்தை இன்னபடி திருத்த வேண்டும் என்று தீர்ப்பாணை வரும். திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி மகன்களுக்கு அதில் உத்தரவு இருந்து, அவர்கள் வர மறுத்தால், நிறைவேற்று மனு போட வேண்டும். வரைவுப் பத்திரத்தை இவரே தயாரித்துத் தாக்கல் செய்வார். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போகும், ஆட்சேபணையைக் கேட்டபின் அவர்களுக்குப் பதிலாக நீதிமன்றமே கையெழுத்திட்டுத் தரும். அதைப் பதிவு செய்த பிறகுதான் வில்லங்கச் சான்றில் 148/2ஏ-வுக்கு எதிரே இவர் பெயர் வரும். பட்டா மாற்ற மனுவையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும்.

மகன்களிடம் இவருடைய வக்கீல் சொல்லக்கூடிய இன்னொரு விஷயம் இருக்கிறது. பிழையான பத்திரம் திருத்தப்படாமல் இருக்கும்வரை, அவர்கள் உழுதுவரும் பின்பக்கத்து 2பி-யின் வில்லங்கச் சான்றில் அந்தப் பெண்மணியின் பெயர்தான் நிற்கும். அதை வைத்து அவர்கள் கடன் வாங்க முடியாது, விற்கவும் முடியாது. திருத்தம் நடந்தால் அவர்களுடைய நிலமும் அன்றே விடுபடும். இப்படிப்பட்ட வழக்குகளில் சமரசம் வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கை எதிர்த்தரப்பு போட்டுப் பார்க்கும்போதுதான். சமரசம் ஆனால், வாரிசுகள் எல்லோரும் சார்பதிவாளர் முன் வந்து பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துக்கு முன் தபசிலை மூலப்பத்திரத்தோடும், நில அளவைப் படத்தோடும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை இம்முறை அந்தப் பெண்மணியே உட்கார்ந்து செய்வார்.